ஒன்பதாம் நாள் நின்ற சேவை: ஒரு நினைவகக் கசிவை நீடித்த சுமைச் சோதனையில் கண்டறிந்த விதம்

எங்கள் ரசீது உருவாக்கும் சேவை ஓராண்டுக்கும் மேலாகப் புரொடக்‌ஷனில் குறை சொல்ல இடமின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ரசீது எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய பிடிஎஃப் கோப்பை உருவாக்கித் தருவது மட்டுமே அதன் வேலை. ஜாவா 17இல் எழுதப்பட்ட அச்சேவையின் இரண்டு பிரதிகள், ஒவ்வொன்றும் 1 ஜிபி ஹீப்புடன், ஒரு லோட் பேலன்சரின் பின்னால் இயங்கின. வாரந்தோறும் புதிய வெளியீடு போவதால் வாரத்துக்கு ஒருமுறை இரண்டும் மறுதொடக்கம் பெற்றன. ஒரு பெரிய தரவு இடமாற்றத்துக்காக வெளியீடுகளை இரண்டு வாரம் நிறுத்திவைத்தபோதுதான் முதன்முறையாக அவை ஏழு நாள்களைத் தாண்டி ஓடின. எட்டாம் நாள் பதில்கள் தாமதமாயின. ஒன்பதாம் நாள் இரவில் ஒரு பிரதி `OutOfMemoryError` பிழையுடன் விழுந்தது. நாற்பது நிமிடங்களுக்குள் மற்றதும் விழுந்தது.

இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழுந்தது தற்செயல் அன்று. ஒரே நேரத்தில் தொடங்கி, சமமாகப் பிரிக்கப்பட்ட சுமையைத் தாங்கிய இரண்டு செயல்முறைகள் ஒரே நேரத்தில் நிரம்புகின்றன என்றால், ஒவ்வொரு கோரிக்கையும் சிறிதளவு நினைவகத்தைத் திருப்பித் தராமல் விட்டுச் செல்கிறது என்று கருத இடமுண்டு. திடீரென வந்த ஒரு பெரிய கோப்பு காரணமாக இருந்திருந்தால் ஒன்று மட்டுமே விழுந்திருக்கும். ஆகவே நீடித்த சுமைச் சோதனை, அதாவது நாங்கள் அன்றாடம் சோக் டெஸ்ட் என்று சொல்வது, ஒன்றை நடத்த முடிவு செய்தோம். உச்சச் சுமை கொடுத்து எங்கே முறிகிறது என்று பார்ப்பது இதன் நோக்கமன்று. சேவை எளிதில் தாங்கக்கூடிய சுமையை மாறாமல் பல மணி நேரம் கொடுத்து, எந்த அளவீடு மெல்ல நகர்கிறது என்று கவனிப்பதே நோக்கம்.

ஒன்றும் காட்டாத முதல் ஓட்டம்

முதல் ஓட்டத்தில் நாங்கள் ஏமாந்தோம், அதன் காரணம் இந்த ஆய்வின் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜேமீட்டர் என்ற சுமைக் கருவியைக் கொண்டு வினாடிக்கு 20 கோரிக்கைகள் வீதம் 24 மணி நேரம் அனுப்பினோம். மொத்தம் 17 லட்சத்து 28 ஆயிரம் கோரிக்கைகள். ஹீப்பின் அளவு தொடக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே முடிவிலும் இருந்தது. கசிவு இல்லை என்று அறிக்கை எழுதும் நிலைக்கே வந்துவிட்டோம்.

சோதனைத் தரவாக நாங்கள் வைத்திருந்தது 500 ரசீது எண்கள் கொண்ட ஒரு சிஎஸ்வி கோப்பு. கோப்பு முடிந்ததும் மீண்டும் முதல் வரியிலிருந்து படிக்குமாறு அமைத்திருந்தோம். எனவே 17 லட்சம் கோரிக்கைகள் சென்றாலும் சேவை சந்தித்தவை 500 வெவ்வேறு எண்கள் மட்டுமே. புரொடக்‌ஷனிலோ ஒவ்வொரு பிரதிக்கும் சராசரியாக வினாடிக்கு 6 புதிய எண்கள் வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை வந்த எண் மீண்டும் வருவது அரிது. கோரிக்கைகளின் எண்ணிக்கையில் நாங்கள் உண்மையை மிஞ்சினோம், ஆனால் அவற்றின் பன்மையில் உண்மைக்கு அருகில்கூடச் செல்லவில்லை. ரசீது எண் போன்ற ஒரு திறவுகோலை ஒட்டி வளரும் எந்தக் கசிவும் இத்தகைய சோதனையில் முதல் அரை நிமிடத்திலேயே தன் உச்சத்தை அடைந்து, அதன்பின் அசையாமல் நின்றுவிடும். பார்ப்பவருக்கு அது ஒரு நேர்க்கோடாகத்தான் தெரியும்.

இரண்டாம் ஓட்டத்துக்கு முன் தரவை மாற்றினோம். வினாடிக்கு 20 கோரிக்கைகளில் 18 இதுவரை வராத எண்களையும், 2 சற்று முன் வந்த எண்களையும் கொண்டிருக்குமாறு உருவாக்கினோம். இது புரொடக்‌ஷனின் புதிய எண் வீதத்தைப் போல மூன்று மடங்கு. இப்படிக் காலத்தைச் சுருக்குவது எல்லா இடத்திலும் செல்லாது. கோரிக்கை ஒன்றுக்கு இவ்வளவு என்று கசியும் நினைவகத்தை, சேவை திணறாத அளவுக்குள், வீதத்தை உயர்த்தி விரைவில் வெளிக்கொணரலாம். கடிகாரத்தை ஒட்டி நடப்பவற்றை, அதாவது வாரம் ஒருமுறை புதுப்பிக்கப்படும் சாவி அல்லது நெடுநேரம் சும்மா கிடந்தால் துண்டிக்கப்படும் இணைப்பு போன்றவற்றை, எவ்வளவு சுமை கொடுத்தாலும் முன்கூட்டி வரவழைக்க முடியாது.

இடையில் ஒரு தடங்கலும் ஏற்பட்டது. சுமைக் கருவியில் ஒவ்வொரு பதிலையும் திரையில் காட்டும் லிஸனரை யாரோ அணைக்காமல் விட்டிருந்ததால், பத்தொன்பதாம் மணி நேரத்தில் ஜேமீட்டரே நினைவகம் நிரம்பி நின்றது. கசிவைத் தேடும் கருவியே கசிந்தால் அந்த ஓட்டம் முழுவதும் வீண். அதன்பின் திரையின்றி, `jmeter -n` கட்டளையுடன், வேறொரு கணினியிலிருந்து ஓட்டி, அந்தக் கணினியின் நினைவகத்தையும் சேர்த்தே கண்காணித்தோம்.

தரைமட்டத்தைப் படித்தல்

ஜாவா செயல்முறையின் ஹீப் வரைபடம் ரம்பப் பற்களைப் போன்றது. பொருள்கள் சேரச் சேர ஏறும்; கார்பேஜ் கலெக்‌ஷன் நடந்ததும் சட்டென்று இறங்கும். பல்லின் உச்சியைப் பார்த்துக் கசிவைத் தீர்மானிக்க முடியாது, ஏனெனில் அது எப்போது குப்பை அகற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பார்க்க வேண்டியது பல்லின் அடி, அதாவது நெடுநேரம் உயிரோடிருக்கும் பொருள்கள் தங்கும் ஓல்ட் பகுதி துப்புரவு செய்யப்பட்ட பின் எஞ்சியிருக்கும் அளவு. இதை நாங்கள் தரைமட்டம் என்று குறித்துக்கொண்டோம்.

முதல் சில மணி நேரத்து ஏற்றத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கள் சேவையில் 50,000 பதிவுகள் வரை மட்டும் வைத்திருக்கும் ஒரு கேஷ் உண்டு. வினாடிக்கு 18 புதிய எண்கள் என்றால் அது நிரம்ப 46 நிமிடங்கள் ஆகும். அதுவரை அந்தக் கேஷும் கசிவைப் போலவே தோன்றும். வரம்புள்ள ஒன்று நிரம்பும்போது கோடு வளைந்து படுத்துவிடும், கசிவின் கோடோ வளையாமல் ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் வேறுபாடு. ஆகவே ஆறாம் மணி நேரத்திலிருந்தே கோட்டின் சரிவை, அதாவது அது ஏறும் வீதத்தை, கணக்கிட்டோம்.

இந்த முறை கோடு வளையவில்லை. 280 எம்பி அளவில் தொடங்கிய தரைமட்டம் மணிக்கு 9.7 எம்பி வீதம், அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் ஏறியது. ஒரு மணி நேரத்தில் அனுப்பப்பட்ட புதிய எண்கள் 64,800. வகுத்துப் பார்த்தால் ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 150 பைட்டுகள். இந்தச் சிறிய எண்ணே எங்களுக்குக் கிடைத்த முதல் உறுதியான தடயம். பிடிஎஃப் கோப்பின் பைட்டுகளோ கோரிக்கைப் பொருளோ தங்கிப்போயிருந்தால் கணக்கு கிலோபைட்டுகளில் வந்திருக்கும். 150 பைட் என்பது ஒரு சிறு திறவுகோலும் அதனுடன் ஒட்டிய இரண்டு மூன்று சிறு பொருள்களும் அடங்கும் இடம் மட்டுமே. கசிவு புதிய எண்ணைச் சார்ந்ததா, வெறும் கோரிக்கையைச் சார்ந்ததா என்பதை அறிய, வினாடிக்கு அதே 20 கோரிக்கைகளில் புதியவற்றை மட்டும் பாதியாகக் குறைத்துத் தனியே ஆறு மணி நேரம் ஓட்டினோம். கேஷ் நிரம்பிய பின் எடுத்த சரிவு சரியாகப் பாதியானது.

150 பைட்டின் முகவரி

ஓட்டத்தின் ஆறாம் மணி நேரத்திலும் முப்பதாம் மணி நேரத்திலும் கீழ்க்கண்ட கட்டளையால் ஹீப்பின் வகுப்புவாரி எண்ணிக்கையை எடுத்தோம்.

```
jcmd <pid> GC.class_histogram
```

இக்கட்டளை உயிருள்ள பொருள்களை மட்டும் எண்ணுவதற்காக முதலில் முழு கார்பேஜ் கலெக்‌ஷன் ஒன்றைச் செய்கிறது. அந்நேரம் சேவை சற்று நின்றுவிடும். எனவே அந்த நிமிடங்களின் பதில் நேரங்களை விலக்கிவிட வேண்டும். மேலும், பட்டியலின் முதல் வரியைப் பார்த்து முடிவுக்கு வருவது தவறு. அங்கே எப்போதும் பைட் அணிகளும் சரங்களுமே வீற்றிருக்கும். அவை ஆரோக்கியமான சேவையிலும் அப்படித்தான். இரண்டு பட்டியல்களுக்கு இடையிலான வேறுபாடே பேசும். எங்கள் வேறுபாட்டில் தனித்து நின்றவை இவை:

```
                                    6h         30h
ConcurrentHashMap$Node          431507     1986190
ReentrantLock                   389212     1943870
ReentrantLock$NonfairSync       389212     1943870
```

24 மணி நேரத்தில் கூடிய பூட்டுகள் 15,54,658. அதே நேரத்தில் சுமைக் கருவி அனுப்பிய புதிய எண்களும் ஏறத்தாழ அதே அளவு. ஒரு சேவைக்கு இருபது லட்சம் பூட்டுகள் தேவைப்படும் சூழலை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. நிரலில் தேடியபோது இது அகப்பட்டது:

```java
private static final Map<String, Lock> locks = new ConcurrentHashMap<>();

Lock lockFor(String receiptId) {
    return locks.computeIfAbsent(receiptId, k -> new ReentrantLock());
}
```

ஒரே ரசீதை இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு பிடிஎஃப் உருவாகிவிடக் கூடாது என்பதற்காக, ரசீது எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. எழுதியவரின் நோக்கம் சரியானதே. பூட்டைத் திறந்தபின் அதை மேப்பிலிருந்து யாரும் எடுப்பதில்லை என்பதுதான் குறை. மேப் `static` ஆக இருப்பதால் செயல்முறை உயிரோடிருக்கும் வரை ஒவ்வொரு பதிவும் உயிரோடிருக்கும்.

அளவையும் சரிபார்த்தோம். 64 பிட் ஜாவாவில், 1 ஜிபி ஹீப்புக்கு இயல்பாகவே அமையும் சுருக்கப்பட்ட சுட்டிகளுடன், சரப் பொருளுக்கு 24 பைட், 22 எழுத்துகளைத் தாங்கும் பைட் அணிக்கு 40, மேப்பின் கணுவுக்கு 32, பூட்டுக்கு 16, பூட்டின் உள்ளிருக்கும் `NonfairSync` பொருளுக்கு 32. கூட்டினால் 144. மேப்பின் அட்டவணையில் அதற்குரிய இடத்துக்கு மேலும் சில பைட்டுகள். வரைபடத்தின் சரிவிலிருந்து வந்த 150உடன் இது பொருந்திப்போனதால், இதற்கு மேல் வேறொரு கசிவு ஒளிந்திருக்கவில்லை என்றும் தெரிந்தது. காரணத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் பலர் விட்டுவிடும் படி இது. கண்ட காரணம் சரிவின் முழு அளவையும் விளக்காவிட்டால், மிச்சத்துக்கு இன்னொரு காரணம் இருந்தே ஆக வேண்டும். புரொடக்‌ஷன் கணக்கும் ஒத்துவந்தது: வினாடிக்கு 6 எண்கள், நாளொன்றுக்கு 78 எம்பி, ஒன்பது நாளில் 700 எம்பி, அத்துடன் தொடக்கத்து 280.

விழுவதற்கு முன் நடந்த சிதைவு

கசிவைக் கண்டபின்னும் ஓட்டத்தை நிறுத்தாமல் 60ஆம் மணி நேரம் வரை தொடர்ந்தோம், ஏனெனில் எட்டாம் நாளின் தாமதத்தையும் விளக்க வேண்டியிருந்தது. 99ஆம் சதமானப் பதில் நேரம் ஆறாம் மணி நேரத்தில் 180 மில்லி வினாடி, நாற்பதாம் மணி நேரத்தில் 190. அதுவரை தரைமட்டம் இருமடங்குக்கும் மேலாகியும் பயனருக்கு ஏதும் தெரிந்திருக்காது. 52ஆம் மணி நேரத்தில் அது 310 ஆகி, 58ஆம் மணி நேரத்தில் 900ஐத் தொட்டது. சராசரிப் பதில் நேரமோ கடைசி வரை பெரிதாக மாறவில்லை. 60 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே சதமானம் கணக்கிட்டிருந்தால் கடைசி மணி நேரங்களின் துன்பம் முதல் மணி நேரங்களின் நலத்தில் கரைந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டு வரிசையாக வைத்துப் பார்ப்பதையே நான் வலியுறுத்துவேன்.

இந்தத் திடீர் வளைவின் காரணம் கார்பேஜ் கலெக்‌ஷன் பதிவேட்டில் இருந்தது. ஜி1 என்ற துப்புரவு முறையில் புதிய பொருள்களுக்கான யங் பகுதிக்கு நிலையான அளவு கிடையாது. மீதமுள்ள காலியிடத்தைப் பொறுத்து அது விரியும், சுருங்கும். எங்கள் சேவை வினாடிக்கு 40 எம்பி அளவுக்குத் தற்காலிகப் பொருள்களை உருவாக்குகிறது. தொடக்கத்தில் யங் பகுதிக்கு 600 எம்பி வரை இடம் கிடைத்ததால் 15 வினாடிக்கு ஒருமுறை துப்புரவு போதுமானதாக இருந்தது. 58ஆம் மணி நேரத்தில் தரைமட்டம் 840 எம்பியைத் தாண்டிவிட, அவசரத்துக்கென ஜி1 ஒதுக்கிவைக்கும் பத்து சதவீதமும் போக எஞ்சியது 80 எம்பி கூட இல்லை. துப்புரவு 2 வினாடிக்கு ஒருமுறையானது. அவ்வளவு விரைவில் துப்புரவு வருவதால், பாதி உருவான பிடிஎஃப் கோப்புகள்கூட நீண்டநாள் பொருள்கள் என்று கருதப்பட்டு ஓல்ட் பகுதிக்கு நகர்த்தப்பட்டன. எதையேனும் விடுவிக்க முடியுமா என்று தேடும் பின்னணிக் குறியிடலும் முடிந்த கையோடு மீண்டும் தொடங்கிக்கொண்டே இருந்தது. விடுவிக்க ஒன்றுமில்லை, இருபது லட்சமாக இருந்த பூட்டுகள் அதற்குள் முப்பத்தேழு லட்சத்தைத் தாண்டியிருந்தன. 60ஆம் மணி நேரத்தை ஒட்டி பதிவேட்டில் முழுத் துப்புரவைக் குறிக்கும் முதல் `Pause Full` வரி தோன்றியதும் ஓட்டத்தை முடித்தோம்.

திருத்தமும் அதில் இருந்த கண்ணியும்

பூட்டைத் திறந்த கையோடு மேப்பிலிருந்து நீக்கிவிடலாமே என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். எங்கள் குழுவிலும் அதுவே முதலில் முன்மொழியப்பட்டது. அது கசிவை அடைத்து அதைவிட மோசமான பிழையைத் திறந்துவிடும். முதல் த்ரெட் பூட்டைப் பிடித்திருக்கிறது, இரண்டாவது அதே பூட்டுக்காகக் காத்திருக்கிறது என்று கொள்வோம். முதலாவது திறந்துவிட்டு மேப்பிலிருந்து நீக்குகிறது. இரண்டாவது உள்ளே நுழைகிறது. அந்நேரம் வரும் மூன்றாவது த்ரெட், மேப்பில் பூட்டு இல்லாததால் புதிதாக ஒன்றை உருவாக்கி அதுவும் உள்ளே நுழைகிறது. ஒரே ரசீதுக்கு இருவர் உள்ளே.

நாங்கள் தேர்ந்தது எண்ணிக்கை மாறாத பூட்டு வரிசை. 1024 பூட்டுகளைத் தொடக்கத்திலேயே உருவாக்கி, ரசீது எண்ணின் ஹேஷைக் கொண்டு அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்கிறோம்.

```java
Lock lockFor(String receiptId) {
    return locks[(receiptId.hashCode() & 0x7fffffff) % locks.length];
}
```

இரண்டு வெவ்வேறு ரசீதுகள் ஒரே பூட்டில் மாட்டிக்கொள்வது இதற்கு நாம் கொடுக்கும் விலை. வினாடிக்கு 20 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 50 மில்லி வினாடி பூட்டைப் பிடிக்கிறது என்றால், எந்நேரமும் பிடிபட்டிருக்கும் பூட்டு சராசரியாக ஒன்றுதான். புதிதாக வருபவர் அதில் மோதுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. மோதினாலும் இழப்பது சில பத்து மில்லி வினாடிகளே. ஒரே த்ரெட் இரண்டு ரசீதுகளின் பூட்டுகளை ஒருசேரப் பிடிக்கும் நிரலாக இருந்தால் இம்முறையில் ஒன்றையொன்று தடுத்து முடங்கும் அபாயம் உண்டு. எங்கள் நிரல் ஒரு நேரத்தில் ஒன்றையே பிடிக்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டோம்.

மறுதொடக்கத்திலும் தீராத தாமதம்

மூன்றாம் ஓட்டத்தில் தரைமட்டம் 60 மணி நேரமும் 281க்கும் 286க்கும் இடையிலேயே நின்றது. ஆயினும் 99ஆம் சதமானம் 180இலிருந்து 240 வரை மெல்ல ஏறியது. 48ஆம் மணி நேரத்தில் சுமையை நிறுத்தாமலே சேவையை மறுதொடக்கம் செய்தோம். சூடேறும் பத்து நிமிடங்கள் கழிந்ததும் பதில் நேரம் மறுதொடக்கத்துக்கு முன்பிருந்த உயர்ந்த அளவுக்கே வந்து நின்றது. சிதைவு செயல்முறையின் உள்ளே இருந்திருந்தால் மறுதொடக்கத்துடன் அது அழிந்திருக்கும். அழியாததால் அது வெளியே, பெரும்பாலும் தரவுத்தளத்தில், இருக்க வேண்டும்.

நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு பின்னணிப் பணி, முடிவுறாத ரசீதுகளைத் தேடி அட்டவணை முழுவதையும் படித்துக்கொண்டிருந்தது. சோதனை தொடங்கியபோது 90 மில்லி வினாடியில் முடிந்த அந்தத் தேடல், அட்டவணையில் 31 லட்சம் வரிகள் சேர்ந்தபின் 2.4 வினாடி எடுத்தது. அந்த வினாடிகளில் வந்த கோரிக்கைகள் தரவுத்தளத்தில் வரிசையில் நின்றன. அப்பணிக்குத் தனி அளவீடு ஏதும் இல்லாததால் புரொடக்‌ஷனில் இதை யாரும் கவனித்ததில்லை. போஸ்ட்கிரெஸில் முடிவுறாத வரிகளுக்கு மட்டுமான பகுதிச் சுட்டெண் ஒன்றைச் சேர்த்ததும் தேடல் சில மில்லி வினாடிகளுக்குள் அடங்கியது. அட்டவணை வளர்ந்தும் அந்நேரம் வளரவில்லை.

```sql
CREATE INDEX CONCURRENTLY idx_receipt_pending
ON receipt (created_at) WHERE status = 'PENDING';
```

60 மணி நேர ஓட்டம் தொட முடியாத ஒன்று மீதமிருந்தது. பிடிஎஃப் கோப்பில் மின் கையொப்பமிடும் சாவி ஏழு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அந்தக் கால இடைவெளியை அமைப்புக் கோப்பில் மாற்றும்படி செய்து, சோதனையில் மட்டும் ஒரு மணி நேரமாக்கி நான்காம் முறை ஓட்டினோம். ஹீப் அசையவில்லை, பதில் நேரமும் அசையவில்லை. ஆனால் `/proc/<pid>/fd` அடைவில் திறந்திருந்த கோப்புகளின் எண்ணிக்கை 212இலிருந்து 272க்கு உயர்ந்திருந்தது: 60 புதுப்பிப்புகள், ஒவ்வொன்றுக்கும் மூடப்படாத ஒரு கோப்பு. வாரத்துக்கு ஒன்று என்ற வீதத்தில் 1024 என்ற வரம்பை எட்டப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால் அதற்கென அவசர வெளியீடு ஏதும் செய்யவில்லை. சாவியைப் படிக்கும் செயற்கூறில் கோப்பை மூடும் வரியைச் சேர்த்து, அடுத்த வாராந்தர வெளியீட்டில் அனுப்பினோம்.